ஃப்ளோவில் வந்த பிழையும், வழுவமைதியும்

'ஃப்ளோல வந்துடுச்சு.'

கதை எழுதுகிற மாணவர்கள் மத்தியில் இதைவிடச் சௌகரியமான பதில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. மூன்றாவது வரியில் நடந்தவள் நான்காவது வரியில் ஏன் நடக்கிறாள் என்று கேட்டால் ஃப்ளோ. மகளின் மனசுக்குள் இருந்த கதை திடீரென்று அப்பாவின் மனசுக்குள் ஏன் குதித்தது என்று கேட்டால் அதுவும் ஃப்ளோ. இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டால் 'பின்நவீனத்துவம்' என்று பதில் வரும். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள் :-)

இவர்களுக்கு நேரெதிராக இன்னொரு கோஷ்டி இருக்கிறது. சிவப்புப் பேனா கோஷ்டி. கதை என்றால் இறந்த காலம்தான், ஆரம்பித்த காலத்திலேயே முடிக்க வேண்டும், ஒரு கதைக்கு ஒரு பார்வைதான் என்று சட்டம் போடுவார்கள். கண்ணில் படுகிற எல்லா 'கிறாள்'களையும் 'தாள்' ஆக்கிவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். பிழைகளோடு சேர்த்துக் கதையின் உயிரான இடத்தையும் திருத்தித் தொலைத்துவிடுவார்கள்.

இரண்டு கோஷ்டிக்கும் வியாதி ஒன்றுதான். காலமும் பார்வையும் எங்கே மாறுகின்றன என்று உட்கார்ந்து எண்ணிப் பார்க்க இருவருமே தயாரில்லை. எண்ணிப் பார்க்காமலேயே ஒருவர் எல்லாவற்றையும் மன்னிக்கிறார், இன்னொருவர் எல்லாவற்றையும் தண்டிக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சண்டைக்குத் தீர்ப்பு பள்ளிக்கூடத் தமிழ் இலக்கணப் பாடத்திலேயே இருக்கிறது. மார்க் வாங்கியதோடு எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள்.

வழு, வழாநிலை, வழுவமைதி

இலக்கணப்படி சரியாக இருப்பது வழாநிலை. இலக்கணத்தை மீறினால் வழு. மீறியிருந்தாலும், ஏதோ ஒரு காரணம் இருப்பதால் பிழையில்லை என்று ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. திணை, பால், இடம், காலம் என்று இது ஒவ்வொன்றுக்கும் உண்டு. காலம் மாறினால் கால வழுவமைதி, தன்மை முன்னிலை படர்க்கை மாறினால் இட வழுவமைதி.

காலம் எப்போது மாறலாம் என்பதற்கு நன்னூல் நான்கு காரணங்களைச் சொல்கிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு. வாசலில் நண்பன் ஹாரன் அடிக்கிறான். உள்ளே இன்னும் சட்டை பட்டன் போட்டுக்கொண்டிருப்பவன் 'இதோ வந்துட்டேன்' என்கிறான். வரவே இல்லை, ஆனால் இறந்த காலம். காரணம் விரைவு. 'மாமா நாளைக்கு வர்றார்' என்கிறோம். நாளை நடக்கப்போவதற்கு நிகழ்காலம். காரணம், வருவது நிச்சயம் என்ற தெளிவு. இப்படிப் பேசுகிறவர்களை யாரும் தப்பாகப் பேசுகிறார்கள் என்று சொல்வதில்லை.

கதை எழுதுகிறவருக்கு அந்த நான்கு காரணங்களே போதும் என்று சொல்ல வரவில்லை. கதைக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். கவனிக்க வேண்டியது நன்னூலின் அணுகுமுறை. அது 'மாற்றாதே' என்று சொல்லவில்லை. 'இஷ்டத்துக்கு மாற்று' என்றும் சொல்லவில்லை. 'மாற்றினாயா, காரணம் என்ன?' என்று கேட்கிறது. காரணம் இருந்தால் அமைதி, இல்லாவிட்டால் வழு. கதையின் முதல் வடிவத்தைத் திருத்த உட்காருகிறவருக்கு இந்த ஒரு கேள்வி போதும். ஆனால் கேள்வி கேட்பதற்கு முன்னால் மாற்றம் எங்கே நடந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு பத்தியைப் பிரித்துப் போடலாம்

இதற்காகவே ஜோடிக்கப்பட்ட ஒரு மாதிரிப் பத்தி கீழே. கல்லூரி ஆண்டு மலரைப் புரட்டினால் இதன் அண்ணன் தம்பிகளைப் பார்க்கலாம். கதை இதுதான்: ஹாஸ்டலில் இருந்து வீட்டுக்கு வருகிற செல்வி, தன் ஃபீஸுக்காக அப்பா மாட்டை விற்றுவிட்டதைக் கண்டுபிடிக்கிறாள்.

1. செல்வி பஸ்ஸை விட்டு இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது.
2. அப்பா வழக்கமாக ரோட்டு முனைக்கே வந்து நிற்பார்.
3. இன்று அவரைக் காணோம்.
4. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறாள்.
5. வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது.
6. ராமசாமி திண்ணையில் உட்கார்ந்து மகள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
7. அவளிடம் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.
8. "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார் அப்பா.
9. செல்வி தலையாட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போகிறாள்.
10. தொழுவம் காலியாக இருந்தது.
11. லட்சுமி நின்ற இடத்தில் கயிறு மட்டும் கிடக்கிறது.
12. செமஸ்டர் ஃபீஸுக்குப் பணம் எப்படி வந்தது என்று இப்போது அவளுக்குப் புரிந்தது.

வேகமாகப் படித்தால் ஒன்றும் உறுத்தாது. 'நல்லாத்தானே இருக்கு' என்றுதான் தோன்றும். எழுதியவருக்குக் கட்டாயம் அப்படித்தான் தோன்றும். அவர் மனசுக்குள் படம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால், அவர் தாளில் இருப்பதைப் படிப்பதில்லை, அந்தப் படத்தைத்தான் பார்க்கிறார். அதனால் கதையைக் கதையாகப் படித்து இந்தப் பிழைகளைப் பிடிக்க முடியாது. கதையை உடைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. வாக்கியத்தின் காலத்தைச் சொல்வது பெரும்பாலும் அதன் கடைசிச் சொல்தான். அதே சொல் ஆணா பெண்ணா, மரியாதை உண்டா இல்லையா என்பதையும் சொல்லிவிடும். எனவே ஒவ்வொரு வாக்கியத்தின் முற்றுவினையை மட்டும் தனியே எழுதிக்கொண்டால் போதும்.

இருட்டிவிட்டது, நிற்பார், காணோம், நடக்கிறாள், எரிந்தது, பார்த்துக்கொண்டிருந்தான், தெரியவில்லை, கேட்டார், போகிறாள், இருந்தது, கிடக்கிறது, புரிந்தது.

இப்போது கதை மறைந்து எலும்புக்கூடு தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று கட்டம் போட வேண்டும். முதல் கட்டத்தில் காலம். இரண்டாவதில் இந்த வாக்கியம் யார் கண் வழியாகத் தெரிகிறது. மூன்றாவது கட்டம், மேலே இருக்கிற வாக்கியத்திலிருந்து ஏதாவது மாறியிருந்தால் அதற்கான காரணம். மூன்றாவது கட்டத்தை எதுவும் மாறாத வரிகளில் காலியாக விடலாம். மாறியிருக்கிற வரிகளில் காலியாக விட அனுமதி இல்லை.

காலக் கட்டம்

1-ஆம் வரி இறந்த காலம். 2-ஆம் வரியில் 'நிற்பார்'. உருவத்தைப் பார்த்தால் எதிர்காலம், ஆனால் இங்கே அது வழக்கத்தைச் சொல்கிறது. 'தாத்தா தினமும் கோயிலுக்குப் போவார்' என்று செத்துப்போன தாத்தாவைப் பற்றிக்கூடச் சொல்லலாம். ஆக, இது காரணமுள்ள மாற்றம். 'வழக்கம்' என்று கட்டத்தில் எழுதிவிடலாம். ஆனால் வழக்கத்தில் நுழைந்தால் வெளியே வரும் வாசல் தெரிய வேண்டும். 3-ஆம் வரியின் 'இன்று' அந்த வாசல். அது இல்லாவிட்டால் 'அவரைக் காணோம்' என்பதும் வழக்கமாக நடப்பதோ என்று ஒரு கணம் தடுமாற வேண்டியிருக்கும்.

3-ஆம் வரியின் 'காணோம்' ஒரு விசேஷமான ஆள். அதற்குக் காலமே கிடையாது. நேற்றும் காணோம், இப்போதும் காணோம். 7-ஆம் வரியின் 'தெரியவில்லை'யும் அதே ஜாதி. 'நேற்று தெரியவில்லை', 'இப்போது தெரியவில்லை', இரண்டும் சரி. இல்லை, வேண்டும், உண்டு என்று முடிகிற வாக்கியங்களும் இப்படித்தான். இவற்றுக்குக் காலக் கட்டத்தில் பூஜ்யம் போட வேண்டும். ஏனென்றால் காலப் பிழைகள் ஒளிந்துகொள்கிற இடம் இந்தப் பூஜ்யங்களுக்குப் பின்னால்தான். மாதிரிப் பத்தியிலேயே பாருங்கள். 1-ஆம் வரி 'இருட்டிவிட்டது', 4-ஆம் வரி 'நடக்கிறாள்'. இரண்டும் அடுத்தடுத்து வந்திருந்தால் எழுதியவருக்கே காதில் இடித்திருக்கும். நடுவில் ஒரு வழக்கமும் ஒரு பூஜ்யமும் வந்து மெத்தை போட்டுவிட்டதால் இடி தெரியவில்லை. பூஜ்யம் வந்தால் அதைத் தாண்டி, அதற்கு முந்தைய வாக்கியத்தின் காலத்தோடு ஒப்பிட வேண்டும்.

4-ஆம் வரி 'நடக்கிறாள்'. 9-ஆம் வரி 'போகிறாள்'. இரண்டும் நிகழ்காலம். காரணம் என்ன? யோசித்து யோசித்துப் பார்த்தாலும் ஒன்றும் வராது. ஆனால் எங்கிருந்து வந்தது என்று சொல்லலாம். திரைக்கதை நிகழ்காலத்தில்தான் எழுதப்படும். வருகிறாள், கதவைத் திறக்கிறாள், திரும்பிப் பார்க்கிறாள். சினிமா பார்த்தே கதை கற்றுக்கொண்ட மனசு, ஆள் நடமாடுகிற இடம் வந்ததும் தன்னையறியாமல் திரைக்கதை எழுதத் தொடங்கிவிடுகிறது. நிறைய மாணவர் கதைகளில் இப்படி வழுக்கி விழுகிற வினைகளைச் சேர்த்துப் பார்த்தால், அவை நடப்பது, போவது, பார்ப்பது, திரும்புவது என்று உடம்பு அசைகிற வினைகளாக இருக்கும். இது ஃப்ளோ இல்லை, பழக்கதோஷம்.

11-ஆம் வரி 'கிடக்கிறது'. இதுவும் நிகழ்காலம். சிவப்புப் பேனா கோஷ்டி 4, 9, 11 மூன்றையும் ஒரே மூச்சில் அடித்துவிடும். ஃப்ளோ கோஷ்டி மூன்றையும் அப்படியே விட்டுவிடும். இரண்டுமே தப்பு. 11-க்குக் காரணம் எழுத முடியும். செல்வி அந்தக் கயிற்றைப் பார்க்கிற கணத்தில் கதை சொல்வது நின்றுபோகிறது. கயிறு அவள் முன்னால் கிடக்கிறது, இன்றைக்கும் அவள் மனசில் அப்படியே கிடக்கிறது. பத்தி முழுக்க எதற்காக எழுதப்பட்டதோ அந்த ஒரு காட்சி அது. நிகழ்காலத்துக்குத் தகுதியுள்ள ஒரே வரி அதுதான்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. இப்போதைய வடிவத்தில் 'கிடக்கிறது' வேலை செய்யவில்லை. ஏன்? ஏற்கெனவே இரண்டு முறை சும்மா நிகழ்காலம் வந்துவிட்டதால், படிப்பவர் அதை எழுதியவரின் கவனக்குறைவு என்று முடிவு கட்டிவிட்டார். மூன்றாவது முறை உண்மையாகவே காரணத்தோடு வரும்போது, அதையும் அதே கணக்கில் எழுதிவிடுகிறார். புலி வருது புலி வருது கதைதான். காரணமில்லாத ஒரு மாற்றம் அந்த வரியை மட்டும் கெடுப்பதில்லை. காரணமுள்ள அடுத்த மாற்றத்தின் மேல் இருக்கிற நம்பிக்கையையும் தின்றுவிடுகிறது. 4-ஐயும் 9-ஐயும் திருத்துவது இலக்கணத்துக்காக அல்ல, 11-ஐக் காப்பாற்றுவதற்காக.

கண் கட்டம்

பார்வை மாறுவதைக் கண்டுபிடிப்பது காலத்தைவிடக் கஷ்டம் என்பார்கள். தமிழில் அவ்வளவு கஷ்டமில்லை. சொற்களே காட்டிக்கொடுத்துவிடும்.

1 முதல் 5 வரை செல்வியின் கண். 'அப்பா' என்று சொல்வதே அதற்கு அத்தாட்சி. உலகத்தில் அவரை அப்பா என்று கூப்பிடக்கூடியவள் இந்தப் பத்தியில் அவள் ஒருத்திதான். 'நிற்பார்' என்ற மரியாதை அவளுடையது. 'இன்று' என்ற சொல்லும் அவளுடையது. வெளியே நின்று கதை சொல்பவர் 'அன்று' என்றுதான் சொல்லியிருப்பார். இறந்த காலக் கதைக்குள் 'இன்று' என்றும் 'இப்போது' என்றும் வந்தால், கதை அந்த ஆளின் மண்டைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். எனவே 3-ஆம் வரியின் 'இன்று' பிழையல்ல. 12-ஆம் வரியின் 'இப்போது'வும் பிழையல்ல. இவற்றை 'அன்று', 'அப்போது' என்று திருத்தினால் செல்வி தூரத்தில் போய்விடுவாள்.

2-ஆம் வரியின் 'வந்து நிற்பார்' என்பதையும் கவனிக்க வேண்டும். அப்பா வீட்டிலிருந்து ரோட்டு முனைக்குப் 'போய்' நிற்பார் என்று ஏன் எழுதவில்லை? பார்ப்பவள் முனையில் இருப்பதால். அவளை நோக்கி அவர் வருகிறார். தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. வா, போ என்ற இரண்டு சொற்களும் பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிடும். 9-ஆம் வரியில் 'செல்வி கொல்லைப்பக்கம் வந்தாள்' என்று எழுதியிருந்தால், அவளுக்கு முன்னாலேயே யாரோ கொல்லையில் போய்க் காத்திருப்பது போல ஆகிவிடும். 'போனாள்' என்றால் அவளோடு சேர்ந்து கதையும் போகிறது.

இப்போது 6-ஆம் வரி. 'ராமசாமி.' யார் இது? ஒரு கணம் புதிதாக ஒரு ஆள் வந்துவிட்டார் என்று தோன்றும். 'மகள்' என்ற சொல்லைப் பார்த்த பிறகுதான் அப்பா என்று புரிகிறது. அப்பா ராமசாமி ஆகிவிட்டார், 'நிற்பார்' 'பார்த்துக்கொண்டிருந்தான்' ஆகிவிட்டது, செல்வி 'மகள்' ஆகிவிட்டாள், அவள் 'வருகிறாள்'. ஒரே வாக்கியத்தில் நான்கு சொல்லும் சேர்ந்து கண்ணை மாற்றிவிட்டன. 8-ஆம் வரியில் மறுபடி 'கேட்டார் அப்பா'. இரண்டே வரிக்கு அப்பாவின் மண்டைக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தாயிற்று.

காரணம்? எழுதியவர் சொல்லக்கூடிய பதில்: 'அப்பாவோட தவிப்பும் தெரியணும்ல.' நியாயமான ஆசைதான். ஆனால் அதற்குக் கொடுத்த விலையைப் பார்க்க வேண்டும். அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்று 7-ஆம் வரியில் படித்தவுடன், ஏதோ கெட்ட செய்தி இருக்கிறது என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு செல்வி கொல்லைக்குப் போகும்போது வாசகர் அவளோடு போகவில்லை. ஏற்கெனவே அங்கே போய் நின்றுகொண்டு 'சீக்கிரம் வாம்மா' என்று காத்திருக்கிறார். காலித் தொழுவம் அதிர்ச்சியாக இல்லை, வெறும் தகவலாக ஆகிவிடுகிறது. பார்வை மாற்றம் கதையின் ஒரே ரகசியத்தை மூன்று வரி முன்னாலேயே போட்டு உடைத்துவிட்டது.

அப்பாவின் தவிப்பைச் செல்வியின் கண் வழியாகவே காட்ட முடியும். அவளுக்கு அவர் மனசு தெரியாது, ஆனால் உடம்பு தெரியும். எழுந்து வராதது தெரியும். தரையைப் பார்த்துப் பேசுவது தெரியும்.

திருத்திய பிறகு

செல்வி பஸ்ஸை விட்டு இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. அப்பா வழக்கமாக ரோட்டு முனைக்கே வந்து நிற்பார். இன்று அவரைக் காணோம். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்தும் எழுந்து வரவில்லை. "சாப்பிட்டியாம்மா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார். செல்வி தலையாட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். தொழுவம் காலியாக இருந்தது. லட்சுமி நின்ற இடத்தில் கயிறு மட்டும் கிடக்கிறது. செமஸ்டர் ஃபீஸ் போன வாரமே கட்டியாகிவிட்டது.

இலக்கியப் பரிசு கொடுக்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் 'கிடக்கிறது' இப்போது கேட்கிறது. அதற்கு முன்னால் அந்தப் பத்தியில் வேறு நிகழ்காலமே இல்லை என்பதால் கேட்கிறது. கடைசி வரியில் 'புரிந்தது' போய்விட்டது. கயிற்றையும் ஃபீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே வாசகருக்குப் புரியும், செல்விக்குப் புரிந்ததும் புரியும். 'கட்டியாகிவிட்டது' கதையை மறுபடி பழைய காலத்துக்குக் கொண்டுவந்து விடுகிறது. கட்டியது யார் என்று அந்த வினை சொல்லவில்லை. அவளாலும் அந்த நேரத்தில் சொல்ல முடியாது.

முன்பு இரண்டு வரி அப்பாவின் மண்டைக்குள் போனதை வெட்டியதால், அப்பாவின் பார்வையே கூடாது என்று அர்த்தமில்லை. அதுவும் ஒரு தேர்வுதான். கதையை ராமசாமியிடமிருந்து தொடங்கலாம். மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், ரோட்டு முனைக்குப் போகத் தைரியம் வரவில்லை. ஒரு இடைவெளி விட்டு, அடுத்த பகுதியில் செல்வி பஸ்ஸை விட்டு இறங்குகிறாள். அப்போது வாசகருக்கு எல்லாம் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. அவள் கொல்லைக்குப் போகப் போகப் படிப்பவருக்கு வயிற்றைப் பிசையும். அது வேறு கதை, நல்ல கதைதான். ஆனால் ஒன்று, ரகசியத்தை மறைத்து அதிர வைக்கலாம். அல்லது, முதலிலேயே சொல்லிவிட்டுப் பதற வைக்கலாம். இரண்டு வரி எட்டிப் பார்த்தால் இரண்டுமே கிடைக்காது.

கல்கி பண்ணலையா?

இந்தக் கேள்வி எப்படியும் வரும். பொன்னியின் செல்வனில் கதை யார் யார் மனசுக்குள்ளோ போகிறது, நடுவில் ஆசிரியரே வந்து வாசகரிடம் பேசுகிறார், அதை யாராவது பிழை என்றார்களா?

யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் 1950-இல் கல்கி பத்திரிகையில் அந்தத் தொடர் ஆரம்பித்தபோது, முதல் அத்தியாயத்தின் முதல் பத்தியிலேயே கதைசொல்லி வாசகர்களைக் கூப்பிட்டு, கற்பனைப் படகில் ஏற்றித் தன்னோடு பழைய காலத்துக்கு அழைத்துப் போகிறார். அதாவது, இந்தக் கதையைப் பார்க்கிற கண் வந்தியத்தேவனுடையது மட்டுமல்ல, எல்லாம் தெரிந்த ஒரு கதைசொல்லியுடையது என்று முதலிலேயே ஒப்பந்தம் போட்டுவிட்டார். அந்தக் கண் எங்கே வேண்டுமானாலும் போகலாம். செல்வி கதையில் அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை. ஐந்து வரி அவள் கண்ணோடு இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு ஆறாவது வரியில் மீறுகிறது. கல்கியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் அவருடைய முதல் பத்தியையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

சிவப்புப் பேனாவுக்கு ஒரு எச்சரிக்கை

கட்டம் போட ஆரம்பித்த உற்சாகத்தில் சரியாக இருப்பதையும் திருத்தித் தொலைக்கிற அபாயம் உண்டு. முக்கியமாக இரண்டு இடங்களில்.

முதலாவது, 'என்று' வருகிற வாக்கியங்கள். 'அப்பா வருகிறார் என்று நினைத்தாள்.' உள்ளே நிகழ்காலம், வெளியே இறந்த காலம். ஆங்கில இலக்கணத்தில் ஊறிய கண்ணுக்கு இது பிழையாகத் தெரியும். அந்த மொழியில் வெளியே இறந்த காலம் என்றால் உள்ளேயும் பொதுவாகப் பின்னால் தள்ளிவிடுவார்கள். தமிழில் அந்தப் பழக்கம் கிடையாது. மனசுக்குள் எந்தக் காலத்தில் நினைத்தாளோ அதே காலத்தில் எழுதுவதுதான் தமிழ். 'வந்தார் என்று நினைத்தாள்' என்று மாற்றினால் காலம் ஒத்துப்போகாது, அர்த்தமே மாறிப்போகும். அவர் ஏற்கெனவே வந்துவிட்டார் என்று ஆகிவிடும். எனவே கட்டத்தில் 'நினைத்தாள்' மட்டும்தான் வர வேண்டும்.

இரண்டாவது, பெயருக்கு முன்னால் வருகிற எச்சங்கள். 'எதிரே வருகிற பஸ்ஸைப் பார்த்தாள்.' பார்க்கிற அதே நேரத்தில் பஸ் வருகிறது என்பதைத்தான் 'வருகிற' சொல்கிறது. கதையின் காலம் மாறவில்லை. கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்தவர்கள் 'கிற' என்று தேடினால் பெரும்பாலான நிகழ்காலங்கள் வரிசையாக வந்து நிற்கும். மிகவும் வசதியான வழி. ஆனால் வந்து நிற்பவற்றில் பாதி இப்படிப்பட்ட எச்சங்களாகவும் உரையாடல்களாகவும் இருக்கலாம். அவற்றை ஒதுக்கிவிட்டு, வாக்கியத்தை முடிக்கிற 'கிறான், கிறாள், கிறார், கிறது' ஆகியவற்றை மட்டும் விசாரிக்க வேண்டும். அந்தத் தேடலில் அகப்படாதவர்களும் உண்டு. 'நிற்பார்' வராது, 'காணோம்' வராது, ராமசாமி நிச்சயம் வரமாட்டார். அவர்களைப் பிடிக்கத் தாளும் பென்சிலும்தான்.

முழுக் கதையையும் இப்படிப் பிரிப்பதற்குச் சோம்பலாக இருந்தால் ஒரு சின்ன வழி இருக்கிறது. கடைசி வாக்கியத்திலிருந்து ஆரம்பித்து மேல்நோக்கி ஒவ்வொரு வாக்கியமாகப் படிக்கலாம். கதை ஓடாததால் மனசுக்குள் படமும் ஓடாது, வினை மட்டும் கண்ணில் படும். 'கிடக்கிறது'க்கு மேலே 'இருந்தது', அதற்கு மேலே 'போகிறாள்' என்று வரும்போது காது தானாக நிமிர்ந்துகொள்ளும்.

அந்தக் காலிக் கட்டம்

ஃப்ளோ கோஷ்டி கடைசியாக ஒரு அஸ்திரம் வைத்திருக்கும். 'எழுதும்போதே இப்படிக் கணக்குப் போட்டா கதையே வராது.' உண்மைதான். எழுதும்போது யாரும் போடச் சொல்லவில்லை. எழுதும்போது காலம் எப்படி வேண்டுமானாலும் வழுக்கட்டும், ராமசாமியின் மண்டைக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்விட்டு வரட்டும். கயிறு 'கிடக்கிறது' என்பதுகூட அப்படி வழுக்கி வந்ததாகவே இருக்கலாம். தற்செயலாக வந்ததைப் பிறகு பார்த்து, காரணம் கண்டுபிடித்து, வைத்துக்கொள்வதும் தேர்வுதான். பார்க்காமலேயே விட்டது மட்டும் தேர்வாகாது.

மூன்றாவது கட்டத்தில் காரணம் எழுத ஒரு சொல் போதும். வழக்கம், நெருக்கம், நினைவு, கதைசொல்லி. ஒரு சொல்கூட வரவில்லை என்றால், அங்கே 'ஃப்ளோ' என்று எழுதிப் பார்க்கலாம். பன்னிரண்டு வரிப் பத்தியில் மூன்று இடத்தில் 'ஃப்ளோ' என்று தன் கையாலேயே எழுதிய பிறகும் அதைக் காரணம் என்று நம்ப முடிகிறதா என்பது எழுதியவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டிய பதில்.